சப்ளை செயினும் வேல்யூ செயினும் எங்கே பிரிகின்றன?

கேள்வி: அடுத்த மாதம் மேலாண்மைத் தேர்வு. சப்ளை செயின், லாஜிஸ்டிக்ஸ், வேல்யூ செயின் மூன்றுக்கும் விளக்கம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் 'வேறுபடுத்துக' என்று வந்தால் மூன்றுக்கும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறேன். நோட்ஸில் இருந்த மூன்று வட்டப் படத்தையும் போட்டுப் பார்த்தேன். மாதிரித் தேர்வில் பத்துக்கு மூன்றுதான் கிடைத்தது. எங்கே தவறு?

பதில்: தவறு அந்தப் படத்தில்தான் இருக்கிறது. சின்ன வட்டம் லாஜிஸ்டிக்ஸ், அதைச் சுற்றி சப்ளை செயின், அதையும் சுற்றி வேல்யூ செயின் என்று போட்டிருப்பீர்கள். இதில் முதல் பாதி சரி. லாஜிஸ்டிக்ஸ் சப்ளை செயினின் ஒரு பகுதி. இரண்டாம் பாதி தவறு. வேல்யூ செயின் என்பது இன்னொரு பெரிய வட்டம் கிடையாது. அது வேறு கோணத்தில் போடும் வெட்டு. இது பிடிபட்டால் மீதி தானாக வந்துவிடும்.

முதலில் தேர்வுத்தாளில் அப்படியே எழுதக்கூடிய விளக்கங்கள்.

சப்ளை செயின்: மூலப்பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து கடைசி வாடிக்கையாளர் வரை ஒரு பொருளை உருவாக்கிக் கொண்டுசேர்ப்பதில் பங்கேற்கும் எல்லா நிறுவனங்களும், அவற்றுக்கிடையே ஓடும் பொருள், தகவல், பணம் ஆகியவையும் சேர்ந்த தொடர்.

லாஜிஸ்டிக்ஸ்: அந்தத் தொடருக்குள் பொருளையும் அதைச் சார்ந்த தகவலையும் தேவையான இடத்துக்குத் தேவையான நேரத்தில் நகர்த்துவதையும் சேமித்து வைப்பதையும் திட்டமிட்டு, நடத்தி, கட்டுப்படுத்தும் பணி. வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும் சரக்கும் இதில் சேரும்.

வேல்யூ செயின்: ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு மதிப்புக் கூட்டச் செய்யும் செயல்பாடுகளைத் தனித்தனியாகப் பிரித்து, எதில் செலவாகிறது, எதற்காக வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்று பார்க்கும் முறை.

மூன்றாவது விளக்கத்தில் 'ஒரு நிறுவனம்' என்ற இரண்டு சொற்களை அடிக்கோடிடுங்கள். சப்ளை செயினில் அலகு பல நிறுவனங்கள். லாஜிஸ்டிக்ஸில் அலகு ஒரு பணி. வேல்யூ செயினில் அலகு ஒரு நிறுவனத்துக்குள் இருக்கும் செயல்பாடு. வேறுபடுத்தச் சொன்னால் நீங்கள் காட்ட வேண்டியது இதைத்தான்.

சரி, ஒரு சைக்கிள் தயாரிப்பாளரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொள்பவை. ஒரு சைக்கிளின் விற்பனை விலை 100 என்று வையுங்கள். கியர், டயர், சீட் என்று வெளியிலிருந்து வாங்கும் பாகங்களுக்கு 55 போகிறது. மீதி 45-தான் இந்த நிறுவனத்தின் கைக்குள் உருவாவது. அதைப் பிரிப்போம். பாகங்களை வரவழைத்து இறக்கிக் கிடங்கில் வைக்க 4, பொருத்தி வண்ணம் பூச 15, முடிந்த சைக்கிளை விற்பனையாளருக்கு அனுப்ப 6, விளம்பரமும் விற்பனையும் 8, விற்ற பின் சர்வீஸ் 3, அலுவலகம், ஆட்கள் தேர்வு, தொழில்நுட்பம், கொள்முதல் ஆகிய துணைப் பணிகளுக்கு 4. மொத்தம் 40. மிச்சம் 5 இலாபம்.

இந்த 45-ஐப் பிரித்துப் பார்த்தோமே, அதுதான் வேல்யூ செயின். மைக்கேல் போர்ட்டர் 1985-ல் முன்வைத்த படமும் இதுதான். ஐந்து முதன்மைச் செயல்பாடுகள், நான்கு துணைச் செயல்பாடுகள், கடைசியில் மார்ஜின். அதே கணக்கில் 4-ஐயும் 6-ஐயும் கூட்டினால் வரும் 10, இந்த நிறுவனத்தின் லாஜிஸ்டிக்ஸ். கவனியுங்கள், லாஜிஸ்டிக்ஸ் வேல்யூ செயினுக்குள்ளும் வருகிறது, உள்வரும் பகுதி ஒன்று, வெளிச்செல்லும் பகுதி ஒன்று என்று இரண்டு துண்டாக. சப்ளை செயின் எங்கே? வெளியே கொடுத்த 55-க்குப் பின்னால் போனால் கியர் தயாரிப்பவர் வருவார், அவருக்கு எஃகு கொடுப்பவர் வருவார், அவருக்குப் பின்னால் சுரங்கம் வரும். இந்தப் பக்கம் 100-க்குப் பிறகு மொத்த விற்பனையாளர், கடை, சைக்கிள் ஓட்டுபவர். அந்த நீளம் முழுவதும் சப்ளை செயின். அதில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் அதற்கென்று ஒரு வேல்யூ செயின் இருக்கிறது.

பெரிய கேள்விகளில் வருவது நோக்கத்தின் வேறுபாடு. அதே தொழிற்சாலைக்கு வாரம் 1,000 கியர் செட் தேவை. லாஜிஸ்டிக்ஸ் மேலாளர் மாதம் ஒருமுறை 4,000 செட்டை முழுக் கன்டெய்னரில் வரவழைக்கிறார். ஒரு செட்டுக்கான போக்குவரத்துச் செலவு குறைகிறது. அவர் கணக்கில் அது வெற்றி. ஆனால் கிடங்கில் சராசரியாக 2,000 செட் கிடக்கிறது. வாரம் 1,000 வரவழைத்திருந்தால் சராசரி 500 தான். நான்கு மடங்கு பணம் கிடங்கில் முடங்குகிறது. நடுவில் சைக்கிள் மாடல் மாறினால் பழைய கியர் தேங்கிவிடும். கியர் தயாரிப்பாளருக்கும் மாதம் முழுக்க ஆர்டர் இல்லாமல் இருந்து ஒரே நாளில் 4,000 வந்து நிற்கும், அவரும் தன் பங்குக்கு இருப்பைக் கூட்டி வைப்பார். லாஜிஸ்டிக்ஸ் பார்வையில் சரியான முடிவு, சப்ளை செயின் பார்வையில் மோசமான முடிவாக இருக்கலாம். இந்த முரணை ஒரு பத்தியில் எழுதிக் காட்டினால் மதிப்பெண் நிச்சயம் ஏறும். வேல்யூ செயின் பார்வை இன்னொரு கேள்வி கேட்கும்: வண்ணப்பூச்சுக்கு நாம் கூடுதலாகச் செலவழிப்பதற்காக வாங்குபவர் கூடுதல் விலை தருகிறாரா? கியர் எப்போது வந்தது என்பதைப் பற்றி அந்தக் கேள்வியில் ஒன்றுமே இல்லை.

எது எதன் பிரச்சினை என்று கேட்கும் கேள்விகளுக்கும் இதே வழிதான். எஃகுத் தட்டுப்பாட்டால் கியர் தயாரிப்பாளரே நின்றுபோனால் அது சப்ளை செயின் சிக்கல், ஏனென்றால் கோளாறு இன்னொரு நிறுவனத்திலிருந்து தொடர் வழியாக வருகிறது. கியர் தயாராகித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் லாஜிஸ்டிக்ஸ் சிக்கல். எல்லாம் நேரத்துக்கு வந்து, சைக்கிளும் நன்றாக விற்று, ஆனால் அந்த 5 மட்டும் மிஞ்சாமல் போனால் வேல்யூ செயினைத் திறந்து பார்க்க வேண்டும்.

இப்போது எச்சரிக்கைகள். தேர்வுக்கு முன் கடைகளில் குவியும் கையளவு நோட்ஸ்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இரண்டு பத்தி தள்ளி அதே வாக்கியத்தை, தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டு, மூன்றுக்கும் விளக்கம் என்று விற்கிறார்கள். 'மூலப்பொருளிலிருந்து வாடிக்கையாளர் வரை' என்ற தொடர் மூன்று விளக்கத்திலும் இருந்தால் அந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள், அது சப்ளை செயினுக்கு மட்டும் உரியது. லாரி, கிடங்கு தவிர வேறெதுவும் நடத்தாத நிறுவனங்கள் பலகையில் 'சப்ளை செயின் சொல்யூஷன்ஸ்' என்று எழுதிக்கொள்வதும் இதே குழப்பத்தை வளர்க்கிறது. அவர்கள் விற்பது லாஜிஸ்டிக்ஸ்.

குழப்பத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் 1963-ல் சரக்கு விநியோக மேலாண்மைக்கென்று தொடங்கிய ஒரு தொழில்முறை அமைப்பு, 1985-ல் பெயரில் லாஜிஸ்டிக்ஸ் என்று மாற்றிக்கொண்டது, 2005-ல் சப்ளை செயின் மேலாண்மை என்று மீண்டும் மாற்றியது. பெயர் மாறியதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அதே அமைப்பின் விளக்கம் லாஜிஸ்டிக்ஸை சப்ளை செயின் மேலாண்மையின் ஒரு பகுதி என்றுதான் சொல்கிறது. ஒரு மதிப்பெண் கேள்வியில் இதுவும் கேட்கப்படலாம்: சப்ளை செயின் மேலாண்மை என்ற பெயர், ஆலோசகர் கீத் ஆலிவர் 1982-ல் பயன்படுத்திய பிறகு பரவியது.

கொள்முதலில் அடிக்கடி வழுக்குகிறார்கள். போர்ட்டரின் படத்தில் பாகம் வாங்குவது துணைச் செயல்பாடு. வாங்கிய பாகத்தை இறக்கி வைப்பது முதன்மைச் செயல்பாடு. பேச்சுவார்த்தை நடத்தி ஆர்டர் போடுபவர் ஒரு பெட்டியில், வந்த சரக்கை எண்ணி வாங்குபவர் இன்னொரு பெட்டியில். 'சரக்கு வாங்குதல்' என்று ஒரே சொல்லில் எழுதினால் திருத்துபவருக்கு எந்தப் பெட்டி என்று தெரியாது.

இனி விதிவிலக்கு. வேல்யூ செயின் ஒரு நிறுவனத்துக்குள் என்றேன். ஆனால் வினாத்தாளில் 'உலகளாவிய வேல்யூ செயின்' என்று வந்தால் அந்த விதி செல்லாது. அங்கே ஒரு பொருளின் வடிவமைப்பு ஒரு நாட்டில், பாகங்கள் இரண்டாவது நாட்டில், பொருத்துவது மூன்றாவது நாட்டில், பிராண்டும் விற்பனையும் இன்னொரு நாட்டில் என்று பல நிறுவனங்கள் வரும். நம் சைக்கிளின் வடிவமைப்பும் பிராண்டும் ஒரு நாட்டு நிறுவனத்திடம், பொருத்துவது மட்டும் வேறொரு நாட்டில் என்று வையுங்கள். அப்போது சப்ளை செயினும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். வழி ஒன்றாக இருக்கலாம், கேள்வி வேறு. சைக்கிள் எப்படி வந்து சேர்ந்தது, எங்கே தாமதம், யாரிடம் இருப்பு என்று கேட்டால் சப்ளை செயின். அந்த 100-ல் பொருத்திய நாட்டுக்கு எவ்வளவு நின்றது, வடிவமைத்த நாட்டுக்கு எவ்வளவு போனது, யார் யாருக்கு விதி வகுக்கிறார் என்று கேட்டால் உலகளாவிய வேல்யூ செயின். பொருளாதார ஆய்வாளர்கள், குறிப்பாக கேரி ஜெரெஃபி வழியில் வந்தவர்கள், இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள். போர்ட்டரோ பல நிறுவனங்களின் வேல்யூ செயின்கள் இணைந்து நிற்பதை மதிப்பு அமைப்பு என்று தனியாக அழைத்தார். ஆகவே 'உலகளாவிய' அல்லது 'தொழில்துறை' என்ற சொல் முன்னால் இருக்கிறதா என்று கேள்வியை இரண்டு முறை படியுங்கள். இல்லையென்றால் ஒரு நிறுவனம் என்றே எழுதுங்கள்.

விடைக்குறிப்பில் உள்ள சொல் இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை என்று திருத்தும் முறை எனக்கு எரிச்சல் தருகிறது. புரிந்து எழுதுபவருக்கும் ஒப்பிப்பவருக்கும் வித்தியாசம் தெரியாத முறை அது. ஆனால் அடுத்த மாதம் நீங்கள் எழுதப்போவது அதே தாள்தான். அதனால் முதல் வரியிலேயே விளக்கத்தை வைத்துவிடுங்கள். அப்புறம் அட்டவணை போட்டால் இடப்பக்கம் நான்கு வரிசை போதும்: அலகு எது, எங்கிருந்து எதுவரை, எதை அளக்கிறோம், நோக்கம் என்ன. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கட்டத்திலும் அதே கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் 'போக்குவரத்து' என்றும் பக்கத்தில் 'போட்டி நன்மை' என்றும் எழுதினால் அங்கே ஒப்பீடே நடக்கவில்லை. படம் போட விரும்பினால் வட்டங்களை விட்டுவிட்டு, ஐந்தாறு பெட்டிகளை வரிசையாக இணைத்து அதற்கு சப்ளை செயின் என்று பெயரிடுங்கள், பெட்டிகளுக்கு இடையில் ஓடும் அம்புகளுக்கும் பெட்டிக்குள் வரவு, அனுப்புதல் பகுதிகளுக்கும் லாஜிஸ்டிக்ஸ் என்று எழுதுங்கள், நடுவில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் பெரிதாகத் திறந்து உள்ளே ஒன்பது செயல்பாடுகளையும் ஓரத்தில் மார்ஜினையும் போட்டு அதற்கு வேல்யூ செயின் என்று பெயரிடுங்கள்.