விமானம் ரத்தா? வவுச்சரை வாங்குமுன்

விமான நிறுவனமே சென்னை–டெல்லி விமானத்தை ரத்து செய்துவிட்டது. நான் கேட்காமலே டிக்கெட் பணத்தை 'கிரெடிட் ஷெல்'லில், அதாவது அவர்களிடமே அடுத்த டிக்கெட் போடப் பயன்படும் இருப்பாக, போட்டிருக்கிறார்கள். இனி பணமாகக் கிடைக்காதா?

கிடைக்கும். பணத்தை கிரெடிட் ஷெல்லில் வைத்துக்கொள்வது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாகச் செய்யக்கூடாது என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதியே சொல்கிறது. 'கிரெடிட் ஷெல்லுக்கு நான் சம்மதிக்கவில்லை, பணம் செலுத்திய கணக்கிலேயே திருப்பித் தாருங்கள்' என்று பி.என்.ஆர். எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசினால் கையில் ஆதாரம் இருக்காது. பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம். நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருக்கிறது. அதுவரை அந்த ஷெல்லிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுத்து டிக்கெட் போடாதீர்கள். போட்டால், நீங்கள் ஒப்புக்கொண்டதாக அவர்கள் சொல்லலாம்.

7,200 ரூபாய் டிக்கெட்டுக்கு, பணம் வேண்டாமென்றால் 7,900 ரூபாய் வவுச்சர் தருகிறார்களாம். லாபம்தானே?

700 ரூபாயைப் பார்க்குமுன் நிபந்தனைகளைப் பாருங்கள். ஒரே தடவைதான் பயன்படுத்த முடியும் என்று இருக்கிறதா? அப்படியானால், அடுத்த டிக்கெட் 5,400 ரூபாய் என்றால் மீதி 2,500 போய்விடும். பணமாக வாங்கியிருந்தால் அதே டிக்கெட் போக 1,800 ரூபாய் கையில் நின்றிருக்கும்.

அப்புறம் காலாவதி. 'ஆறு மாதம்' என்பது அதற்குள் முன்பதிவு செய்யவா, அதற்குள் பறந்தே முடிக்கவா? ஆறு மாதத்துக்குள் பறக்க வேண்டுமென்றால், ஏழாம் மாதம் வரும் தீபாவளிக்கு ஊருக்குப் போக அது உதவாது. எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்பதையும் கேளுங்கள். வவுச்சர் தந்த நாளா, பழைய டிக்கெட் போட்ட நாளா என்பதில் சில மாதங்களே காணாமல் போகும். வேறொருவர் பெயரில் பயன்படுத்தலாமா, வவுச்சரில் போட்ட டிக்கெட்டும் ரத்தானால் பழைய காலாவதித் தேதியே தொடருமா என்பதும் முக்கியம். அதே நிறுவனத்தில், அதே தடத்தில் சீக்கிரமே பறப்பது உறுதி என்றால் வாங்கலாம். மற்றபடி நான் பணத்தைத்தான் கேட்பேன்.

நானே ரத்து செய்தேன். 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட், ஒன்றும் வராது என்கிறார்கள்.

அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் போகலாம். ரத்துக் கட்டணம் அந்த இரண்டையும் தாண்டக்கூடாது. விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் வரிகளும் சலுகை டிக்கெட்டுக்கும் திரும்ப வர வேண்டும். ரசீதில் அந்த வரிகளைத் தனியாகக் கூட்டிப் பார்த்துக் கேளுங்கள்.

ஊரடங்கு காலத்து வவுச்சர்களுக்கு நீதிமன்றம் பணம் வாங்கித் தந்ததே, காலாவதியான என் வவுச்சருக்கும் கேட்கலாமா?

2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு அந்த ஊரடங்கு டிக்கெட்டுகளுக்கு மட்டும். 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தாத தொகையைப் பணமாகத் தரச் சொன்னது. நீங்களே விரும்பி வாங்கிய வவுச்சருக்கு அது பொருந்தாது. காலாவதித் தேதியை நீட்டிக்கச் சொல்லி எழுதிப் பார்க்கலாம், ஆனால் அது அவர்கள் மனசு.