காலிமுகத்திடல் படத்தில் பக்கிள் மட்டும் ஒட்டவில்லை

"காலிமுகத்திடலில் ஒருவரை எடுத்த படம், பின்னேர வெயில் இடப்பக்கம். பிளெண்டரில் அவருக்குச் செய்த தோல் ஜாக்கெட் படத்தோடு பொருந்துகிறது, பக்கிள் மட்டும் ஒட்டவில்லை. ஏன்?"

பக்கிளின் மெட்டீரியலைத் தொடாதீர்கள். World-இன் Mapping நோடில் Rotation Z-ஐ மாற்றி, காட்சிக்கு ஒளி தரும் எச்டிஆர்ஐ படத்தைத் திருப்புங்கள்.

அதன் சூரியன் வேறு திசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தோலின் Roughness 0.5 அளவில் இருந்தால் ஒளி பரவிப்போய் அந்தப் பிழையை மறைத்துவிடும். பளபளப்பான உலோகம் சுற்றியிருப்பதை அப்படியே காட்டும், அதனால் பக்கிளில் பிடிபடுகிறது.

நெஞ்சருகே ஓர் உருண்டையை வையுங்கள், Metallic 1, Roughness 0. சூரியப் புள்ளி உருண்டையின் இடப்பக்கம் வரும்வரை திருப்புங்கள். அப்புறம் மூக்கின் நிழலைப் பாருங்கள். அது வலப்பக்கம் கிட்டத்தட்டக் கிடையாக விழுந்தால், புள்ளியும் உருண்டையின் நடு உயரத்தருகே இருக்க வேண்டும்.

இன்னொன்று, காலடிப் புல்லும் அவருடைய கையும் எச்டிஆர்ஐயில் இல்லை. புல் நிறத்தில் ஒரு தளமும் கைக்கு ஒரு எளிய உருவமும் வைத்தால்தான் பக்கிளின் கீழ்ப்பாதி சரியாக இருளும்.