அரைப் போத்தல் சாராயமும் மறுநாள் பத்து மணியும்: ஹேங்ஓவர் பற்றிச் சில கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் இருபது வருடத்துக்கு மேல் நிற்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உள்ளே வந்து, மெதுவான குரலில் "ரெண்டு பனடோல், ஒரு ஜீவனி" என்று கேட்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஹேங்ஓவர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதிக் கேளுங்கள் என்று போன கிழமை சொன்னேன். கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சனி இரவு எட்டு மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள் அரைப் போத்தல் சாராயம் முடித்தேன். காலை ஆறு மணிக்கு எழும்பும்போது நல்ல சுகமாக இருந்தேன், கார் எடுத்துச் சந்தைக்கும் போய் வந்தேன். பத்து மணிக்குத்தான் தலையிடி, சத்தி எல்லாம். பைட்ஸ் ஏதும் பழுதாகி இருக்குமோ? (தெஹிவளை)

பைட்ஸை விடுங்கள் அண்ணை, கணக்கைப் பாருங்கள். அரைப் போத்தல் என்றால் 375 மில்லிலீற்றர். போத்தலில் 33.5 சதவீதம் என்று போட்டிருந்தால் உள்ளே சுத்த மதுசாரம் ஏறக்குறைய 125 மில்லிலீற்றர், நிறையில் சுமார் 100 கிராம். சாதாரண ஆளின் ஈரல் மணிக்கு எட்டுக் கிராம் அளவில்தான் அதை எரிக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் நாம் அவசரப்படுகிறோம் என்று ஈரல் அவசரப்படாது. எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கிய ஈரல் காலை எட்டு மணி வரை, அதற்கு மேலும்கூட, உழைத்திருக்கும்.

அப்படியென்றால் ஆறு மணிக்கு உங்கள் உடம்பில் இன்னும் 20 கிராம் அளவில் இருந்தது. அது ஒரு பெரிய போத்தல் பியருக்குக் கிட்ட வரும். நீங்கள் சுகமாக இருந்ததற்குக் காரணம் அதுதான், வெறி இன்னும் முறியவில்லை. சந்தைக்குக் கார் எடுத்ததும் அந்த நிலையில்தான்.

ஹேங்ஓவர் குடி ஏறும்போது வருவதில்லை, இறங்கி முடியும்போது வருவது. இரத்தத்தில் மதுசாரம் பூச்சியத்தை நெருங்கும் நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். பிறகு நாள் முழுக்க இழுக்கலாம். உங்களுக்குப் பத்து மணிக்குப் பிடித்தது கணக்குப்படி சரியாகத்தான் இருக்கிறது.

அண்ணா, எல்லாத்துக்கும் காரணம் அசற்றல்டிஹைட் என்று கெமிஸ்ட்ரி ரியூசனில் படித்தோம். அதை வெளியேற்ற ஏதாவது குளிசை இருக்கிறதா? (பம்பலப்பிட்டி)

பாதி சரி தம்பி. ஈரல் மதுசாரத்தை முதலில் அதுவாகத்தான் மாற்றுகிறது, அது நஞ்சும்தான். ஆனால் தலை வெடிக்கும் நேரத்தில் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அது அநேகமாகக் கிடைக்காது, அதற்குள் அடுத்த கட்டத்துக்கு மாறிப் போயிருக்கும். போகும் வழியில் அது செய்த சேதம் மிச்சமா என்பதில் ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் ஒத்துப் போகவில்லை.

ஓரளவு தெளிவாகத் தெரிவது வேறு. காய்ச்சல் தொடங்கும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி சில இரசாயனங்களை விடும் அல்லவா, குடித்த மறுநாளும் அவை கூடியிருக்கும். உடம்பு அலுப்பு, ஒன்றும் சாப்பிட மனமில்லாமை, எரிச்சல் எல்லாம் சளிக்காய்ச்சல் போலவே இருப்பது அதனால்தான். அதோடு நித்திரை. குடித்துவிட்டு விழுந்தால் உடனே தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் உடைந்து உடைந்து போகும். மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வருவது அதனால்தான். வயிற்றுச் சுவர் எரிந்து போயிருப்பதையும் சேருங்கள். இத்தனையையும் ஒரே குளிசை எப்படிப் பிடிக்கும்?

தண்ணி குறைவதுதான் காரணம், ஒவ்வொரு கிளாசுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணி குடித்தால் ஒன்றுமே வராது. நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான். சரிதானே? (வத்தளை)

தண்ணீர் குறைவது உண்மை. சிறுநீரை அடக்கி வைக்கும்படி மூளை சொல்லும் செய்தியை மதுசாரம் நிறுத்திவிடும், அதனால்தான் நிமிடத்துக்கு நிமிடம் எழும்பிப் போகிறோம். தாகமும் வாய் வறட்சியும் அதனால் வருகின்றன, தண்ணீர் குடித்தால் அவை போகும். ஆனால் தாகம் தீர்ந்த பிறகும் தலையிடியும் குமட்டலும் சோர்வும் அப்படியே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர்க் குறைவும் ஹேங்ஓவரும் ஒரே இரவில் பிறக்கிற இரண்டு பிள்ளைகள், ஒன்று மற்றதைப் பெறவில்லை.

உங்கள் முறையில் நன்மை உண்டு, வேறு காரணத்துக்காக. நடுவில் தண்ணீர் குடிக்கிறவன் மெதுவாகக் குடிப்பான், மொத்தத்தில் சாராயமும் குறைவாகப் போகும். அரைப் போத்தலை முடித்துவிட்டுப் படுக்கும் முன் ஒரு லீற்றர் தண்ணீரை ஊற்றினால் இரவில் இன்னும் இரண்டு தரம் எழும்புவீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பழக்கம், படுக்கும் முன்பே ரெண்டு பனடோல் போட்டுவிடுவேன். காலையில் தலையிடி வராமல் இருக்க. (கொட்டாஞ்சேனை)

முதல் குறை நேரம். பனடோலின் வேலை நாலைந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நள்ளிரவில் போட்டது விடியும்போது இல்லை, தலையிடி அதற்குப் பிறகுதான் வரப்போகிறது.

இரண்டாவதுதான் பெரியது. நெடுகக் குடிக்கிறவரின் ஈரல் பனடோலில் உள்ள பரசிற்றமோலின் ஒரு பங்கை நஞ்சாக மாற்றும் வழியைக் கூடுதலாகத் திறந்து வைத்திருக்கும். மதுசாரம் உள்ளே இருக்கும் வரை அந்த வழியை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். அது வெளியேறியதும், அதாவது ஹேங்ஓவர் நேரத்தில்தான், வழி நன்றாகத் திறக்கும். சாப்பாடும் இல்லாமல் இருந்தால் அந்த நஞ்சை அடக்கும் சரக்கும் ஈரலில் குறைவு. இடைக்கிடை ஒரு கலியாண வீட்டில் குடிக்கிற ஆள், காலையில் சாப்பிட்டுவிட்டு இரண்டு 500 மில்லிகிராம் போடுவதை நான் தடுக்க மாட்டேன். நாள்தோறும் குடிக்கிறவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். எத்தனை போட்டோம் என்று நினைவில்லாமல் திரும்பத் திரும்பப் போடுவது யாருக்கும் ஆகாது.

அதற்குப் பதிலாக அஸ்பிரினோ புரூஃபனோ கேட்கிறவர்களுக்கு: ஏற்கெனவே எரிந்த வயிற்றில் அவை இன்னும் புண்ணாக்கும். கறுப்பாகச் சத்தி எடுத்தால் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

பியருக்குப் பிறகு சாராயம் குடித்தால்தான் மோசமாம், மாறிக் குடித்தால் பரவாயில்லையாம். உண்மையா? (மட்டக்குளி)

இல்லை. 2019இல் ஜேர்மனியில் பியரையும் வைனையும் முன்பின் மாற்றிக் கொடுத்தே பார்த்தார்கள், வரிசையால் வித்தியாசம் வரவில்லை. நிறத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிரண்டி, கறுப்பு ரம் போன்றவற்றில் புளிப்பிலும் பீப்பாயிலும் இருந்து வரும் உபபொருட்கள் அதிகம், வொட்காவில் மிகக் குறைவு. ஒரே அளவு குடித்தால் முதல் வகை மறுநாள் கூடுதலாக உபத்திரவம் தரும். வொட்கா என்று சொல்லி இரண்டு மடங்கு குடித்தால் அந்த வித்தியாசமும் போச்சு.

வாய் மணக்காமல் இருக்க எது நல்லது? ஏலக்காயா கராம்பா? (பெயர் வேண்டாம்)

தம்பி, அந்த மணம் வாயிலிருந்து மட்டும் வரவில்லை, இரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக மூச்சோடு வருகிறது. ஏலக்காய் போட்டால் ஏலக்காயும் சாராயமும் சேர்ந்து மணக்கும்.

எங்கள் அப்பப்பா காலம் தொட்டு தேசிக்காய்த் தண்ணியும் மோரும்தான் வெறி முறிக்கிற மருந்து. சிலபேர் கோப்பி. நீங்கள் எல்லாத்தையும் இல்லை இல்லை என்கிறீர்களே! (வெள்ளவத்தை)

கோபிக்காதீர்கள் ஐயா. வெறியை முறிக்கும் என்பதைத்தான் மறுக்கிறேன், ஈரலின் வேகத்தை மோரும் மாற்றாது, கோப்பியும் மாற்றாது. கோப்பி குடித்தால் தூக்கம் கலைந்த வெறிகாரன் கிடைப்பான். தினமும் காலையில் கோப்பி குடிக்கிறவருக்கு மட்டும் அது இல்லாத தலையிடி மேலே சேராமல் இருக்கும்.

மருந்து கேட்டது போலத் தோன்றுவதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். நீங்கள் அதைக் குடிப்பது எப்போது? தலையிடி உச்சத்தில் நிற்கும் பதினொரு மணிக்கு. அதற்குப் பிறகு அது தானாக இறங்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் மோர் குடித்தவர் மோர் என்பார், செவ்விளநீர் குடித்தவர் செவ்விளநீர் என்பார். 2005இலும் 2022இலும் இப்படியான வைத்தியங்களின் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உறுதியாக நம்பக்கூடியதாக ஒன்றும் தேறவில்லை.

ஆனாலும் மோரை விடச் சொல்லமாட்டேன். குமட்டும் வயிற்றில் இறங்கக்கூடியது எதுவோ அது நல்லது. சத்தி நிறைய எடுத்தவருக்கு ஜீவனி ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுங்கள். அரைக் கிளாசில் தடிப்பாகக் கரைத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் தாகத்தைத்தான் கூட்டும். அப்புறம் ஏதாவது மாச்சாப்பாடு, பாணோ இடியப்பமோ. மதுசாரம் ஈரலிலிருந்து சீனி வெளிவருவதைக் குறைக்கும். நீரிழிவுக்குக் குளிசையோ ஊசியோ எடுக்கிறவர் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், காலையில் வரும் வியர்வையும் தடுமாற்றமும் ஹேங்ஓவர் இல்லாமல் சீனி இறங்கியதாக இருக்கலாம். குத்திப் பாருங்கள்.

அப்பாவுக்குத் தினமும் காலையில் கை நடுங்கும், வியர்க்கும். கொஞ்சம் சாராயம் எடுத்தால் நின்றுவிடும். அதுதான் அவருக்கு ஹேங்ஓவர் மருந்து என்கிறார். நானும் சரி என்று விட்டேன். (பெயர் போடாதீர்கள்)

தங்கச்சி, இது ஹேங்ஓவர் இல்லை. அவருடைய உடம்பு சாராயத்துக்குப் பழகி, இரவில் அது இறங்கியதும் கேட்கிற கேள்வி இது. சாராயம் எடுத்ததும் நிற்கிறதே, அதுதான் அடையாளம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: போத்தலைப் பறித்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். இப்படியான ஆள் திடீரென்று நிறுத்தினால் ஓரிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு இல்லாததைக் காண்பதும் பிதற்றுவதும் வரலாம், உயிரும் போகலாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். அப்பா வர மறுத்தாலும் நீங்கள் முதலில் ஒரு டாக்டரிடம் போய் நிலைமையைச் சொல்லலாம்.

கசிப்பு குடித்த சிநேகிதனுக்கு மறுநாள் பின்னேரம் கண் மங்கல், வயிற்று வலி, மூச்சு வாங்குது. ஹேங்ஓவர் என்று படுக்க வைத்திருக்கிறோம். தேசிக்காய் கொடுக்கலாமா? (கிராண்ட்பாஸ்)

இந்தச் செய்தியைக் கண்டவுடனே தனியாகப் பதில் போட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும்: ஹேங்ஓவரில் கண் மங்காது. மெதனோல் கலந்திருந்தால் முதலில் வெறும் வெறி போலவே இருக்கும், அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் இப்படிக் காட்டும். 1990க்கு அழையுங்கள், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் போத்தலையும் கொண்டு போங்கள், கூடக் குடித்தவர்களையும் அழைத்துப் போங்கள், அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும்.