வாராந்திர ஸ்டேட்டஸ் ஸ்லைடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன வார பிபிடியைக் காப்பி எடுத்துத்தான் ஒவ்வொரு வாரமும் மாற்றுகிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க அதிலேயே போய்விடுகிறது. பெட்டிகள் நகர்ந்துவிடுகின்றன, எழுத்து சிறிதும் பெரிதுமாகிறது. என்ன செய்வது?

உங்கள் ஸ்லைடில் இருப்பவை பெரும்பாலும் Insert வழியாகப் போட்ட டெக்ஸ்ட் பாக்ஸ்களாக இருக்கும். அவற்றுக்கு நிலையான இடம் கிடையாது, மவுஸ் பட்டாலே நகரும். உங்களுக்குத் தேவை பிளேஸ்ஹோல்டர், அதாவது ஸ்லைடின் லேஅவுட்டிலேயே இடம் குறித்து வைத்த கட்டம்.

View > Slide Master திறந்து, Insert Layout கொடுத்து, அதற்கு "வார நிலவரம்" என்று பெயர் வையுங்கள். Insert Placeholder > Text மூலம் ஒவ்வொரு கட்டத்தையும் வரையுங்கள். உள்ளே தானாக வரும் வாசகத்தை அழித்துவிட்டு, "இந்த வாரம் முடிந்தவை, அதிகபட்சம் 3 வரி" என்பது போல உங்கள் குறிப்பை எழுதுங்கள். காலியாக விட்டாலும் அந்தக் குறிப்பு ஸ்லைடு ஷோவில் தெரியாது. பிறகு .potx என்ற டெம்ப்ளேட் கோப்பாகச் சேமியுங்கள். யாராவது கட்டத்தை இழுத்துவிட்டால் Home > Reset ஒரே சொடுக்கில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். டெக்ஸ்ட் பாக்ஸை Reset தொடாது. எது பிளேஸ்ஹோல்டர் என்று சோதிக்கவும் இதுவே வழி.

இன்னொன்று: எழுத்து சிறிதாவதற்குக் காரணம் ஆட்டோஃபிட். மாஸ்டரிலேயே கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, Format Shape-ல் Do not Autofit என்று மாற்றுங்கள். அதன்பிறகு வரி அதிகமானால் கட்டத்துக்கு வெளியே வழியும். வழியட்டும், அப்போதுதான் வெட்ட வேண்டும் என்று தெரியும்.

எத்தனை கட்டங்கள் வைக்கலாம்? எங்கள் மேலாளர் எல்லாமே வேண்டும் என்கிறார்.

ஒரே ஸ்லைடு, ஐந்து கட்டங்கள்: தலைப்பு வரி, நிலையைக் காட்டும் நிறம், போன வாரம் சொன்னது, அடுத்த வாரம் செய்வது, தடைகள். கூடுதல் விவரம் கேட்பவருக்குப் பின்னிணைப்பு ஸ்லைடு போதும்.

ஒரு கணக்கு பார்ப்போம். 12 கிளைகளில் பில்லிங் மென்பொருளை மாற்றும் வேலை, வாரத்துக்கு 2 கிளை. நான்காம் வார முடிவில் 8 முடிந்திருக்க வேண்டும், 6தான் முடிந்திருக்கிறது. "பணி நடந்துகொண்டிருக்கிறது" என்ற தலைப்பால் யாருக்கும் பயனில்லை. "12-ல் 6 முடிந்தது, 8 ஆகியிருக்க வேண்டும், முடிவுத் தேதி 5 வேலை நாள் தள்ளுகிறது" என்று எழுதினால் மீதியைப் படிக்காதவருக்கும் விஷயம் புரிந்துவிடும். தடைகள் கட்டத்தில் "இரண்டு கிளைகளில் இணைய இணைப்பு இல்லை" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். யார் சரிசெய்கிறார், எந்தத் தேதிக்குள் என்பதும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத தடை அடுத்த வாரமும் அதே வார்த்தையில் அங்கேயே இருக்கும்.

நேரம் மிச்சமாவது மூன்றாவது, நான்காவது கட்டங்களில்தான். ஸ்லைடை Ctrl+D கொடுத்து நகல் எடுங்கள். "அடுத்த வாரம்" கட்டத்தில் இருப்பதை வெட்டி "போன வாரம் சொன்னது" கட்டத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் முடிந்தது அல்லது முடியவில்லை என்று குறியுங்கள். பாதி ஸ்லைடு அதிலேயே தயார். சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்ததாகக் காட்டவும் வழியில்லாமல் போகிறது. சிலருக்கு இது பிடிக்காது, அது வேறு விஷயம்.

எங்கள் குழுவில் எப்போதும் பச்சைதான். திடீரென ஒரு நாள் சிவப்பாகிறது.

நிறத்தை மனநிலை பார்த்துப் போடுகிறார்கள். விதியை மாஸ்டரின் அடியில் சிறிய எழுத்தில் எழுதிவிடுங்கள்: தாமதம் இல்லை என்றால் பச்சை, 1 முதல் 5 வேலை நாள் என்றால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. மேலே சொன்ன பில்லிங் வேலை மஞ்சள்; இன்னும் ஒரு நாள் தள்ளினாலே சிவப்பு. எல்லை எண்களை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றலாம், ஆனால் வேலை தொடங்கும்முன் மாற்றுங்கள். நிறத்தோடு சொல்லையும் எழுதுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் மூன்றும் சாம்பல்தான்.

எக்ஸெல் அட்டவணையை இணைத்துவிட்டால் தானாக மாறாதா?

மாறும். எக்ஸெலில் காப்பி செய்து, Paste Special > Paste link கொடுங்கள். ஆனால் இரண்டு இடங்களில் வழுக்கும். எக்ஸெல் கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் இணைப்பு அறுந்து, பழைய எண்களே நிற்கும். அட்டவணையின் அடியில் புது வரி சேர்த்தால், இணைத்த எல்லைக்கு வெளியே இருப்பதால் அது ஸ்லைடில் வராது. அனுப்புவதற்கு முன் File > Info > Edit Links to Files போய், Update Now கொடுத்து, அப்புறம் அனுப்பும் பிரதியில் மட்டும் Break Link செய்யுங்கள். எட்டுப் பத்து எண்கள்தான் என்றால் இணைப்பே வேண்டாம், கையால் தட்டுங்கள்.