ஹோட்டல் வரவேற்பாளர் வேலை விளம்பரத்தில் இரவுப் பணியை எப்படிச் சொல்வது?

"‘சரளமான ஆங்கிலம், சுழற்சிப் பணி’ என்று விளம்பரம் கொடுத்தோம். சேர்ந்த இருவரும் முதல் இரவுப் பணியோடு விலகிவிட்டார்கள். எப்படி மாற்றுவது?"

‘சுழற்சி’ என்றால் காலையும் மாலையும்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரவை வெளிப்படையாக எழுதுங்கள்: "மாதம் 8 இரவுகள், 11 மணி முதல் காலை 7 வரை. மேசையில் ஒருவர் மட்டுமே. அன்றைய கணக்கையும் அவரே முடிக்க வேண்டும்." அந்த எண்ணிக்கையைக் கடந்த 3 மாத அட்டவணையைப் பார்த்து எடுங்கள், நீங்கள் விரும்பும் எண்ணைப் போடாதீர்கள். அடுத்தவர் வரத் தாமதமானால் காத்திருக்க நேரும் என்றால், அதையும் அதற்குரிய ஊதியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘சரளம்’ எதையும் அளக்காத சொல். "தொலைபேசியில் முன்பதிவு எடுக்கவும், பில் குறித்த புகாருக்கு விளக்கம் தரவும் போதுமான ஆங்கிலம்" என்று எழுதுங்கள். நேரில் நன்றாகப் பேசுபவரும் தொலைபேசியில் திணறுவதுண்டு. ஆகவே முதல் நேர்காணலைத் தொலைபேசியிலேயே வையுங்கள்.