ஜி.ஆர்.இ. மதிப்பெண் கெடு தேதிக்குள் வராதென்றால் என்ன எழுதுவது?

தம்பி, பல்கலைக்கழகத்திடம் அவகாசம் கேட்டு நீ எழுதிய மடலின் வரைவைப் படித்தேன். அப்பாவின் உடல்நிலை, தேர்வு மையத்தில் இடம் கிடைக்காதது, கல்லூரிப் பருவத் தேர்வு என்று மூன்று பத்தி எழுதியிருக்கிறாய், ஆனால் மதிப்பெண் எந்தத் தேதியில் அவர்கள் கைக்குப் போகும் என்பது எங்குமே இல்லை. சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவருக்குத் தேவை அந்த ஒரு தேதிதான்.

உன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். டிசம்பர் 12 தேர்வு, 15 கெடு. மையத்தில் எழுதினால் வெர்பல், குவான்ட் மதிப்பெண்கள் அன்றே திரையில் தெரிந்துவிடும், ஆனால் அவை அதிகாரபூர்வமானவை அல்ல. எழுத்துப் பகுதியோடு சேர்ந்த அதிகாரபூர்வ முடிவு வர 8 முதல் 10 நாள், அதாவது 20 முதல் 22-க்குள். அதன்பின் பல்கலைக்கழகம் அதை உன் விண்ணப்பத்தோடு சேர்க்கச் சில நாள் ஆகும், நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு. அதனால் ஜனவரி 5 வரை கேள். "கொஞ்சம் அவகாசம் தாருங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் அவர்களால் ஆம் என்று சொல்ல முடியாது.

எழுதும் முன் துறையின் பக்கத்தை இன்னொரு முறை படி. சில இடங்களில் கெடுவுக்குள் தேர்வை எழுதியிருந்தாலே போதும், மதிப்பெண் பிறகு வரலாம். சில துறைகள் ஜி.ஆர்.இ.யையே கேட்பதில்லை. அப்படியிருந்தால் இந்த மடலே வேண்டாம்.

மடல் தேவைதான் என்றால் இப்போதே, கெடுவுக்கு முன்பே, துறையின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு எழுது. பொருள் வரியில் பெயர், விண்ணப்ப எண், படிப்பு, பருவம். உள்ளே இதை ஆங்கிலத்தில் எழுதினால் போதும்:

"மற்ற ஆவணங்கள் அனைத்தையும் டிசம்பர் 15-க்குள் சமர்ப்பித்துவிடுவேன். ஜி.ஆர்.இ. தேர்வை டிசம்பர் 12 அன்று எழுதுகிறேன், பதிவு உறுதிச் சீட்டை இணைத்துள்ளேன். அதிகாரபூர்வ மதிப்பெண் ஜனவரி 5-க்குள் உங்களுக்கு வந்துசேரும். அதுவரை, மையத்தில் தெரியும் மதிப்பெண்ணை நானே பதிவு செய்தால் என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியுமா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. "தாமதமாக வரலாம்" என்று பதில் வந்தாலும், அதுவரை விண்ணப்பம் முழுமையடையாததாகக் கிடந்தால் முதல் சுற்றுப் பரிசீலனையிலும் உதவித்தொகைப் பட்டியலிலும் உன் பெயர் விடுபடலாம். இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். பதில் வந்ததும் எடுத்து வைத்துக்கொள்.

தேர்வு நாளில் இலவசமாக நான்கு கல்லூரிகளுக்கு மதிப்பெண் அனுப்பலாம், அதில் இந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் தேர்ந்தெடு. அப்புறம் பெயர். நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் அதிகம் சிக்குகிறது: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், விண்ணப்பத்தில் இனிஷியல் மட்டும் போட்டிருப்பார்கள். மதிப்பெண் போய்ச் சேர்ந்தும் விண்ணப்பத்தோடு பொருந்தாமல் தனியாகக் கிடக்கும். ஜி.ஆர்.இ. பதிவு, விண்ணப்பம் இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றைக்கே பார், வித்தியாசம் இருந்தால் அதையும் இதே மடலில் ஒரு வரியில் எழுதிவிடு.