குதிரைக்குத் தொண்டை அடைத்தால்: கேள்வி பதில்

இந்த முறை குதிரையின் உணவுக்குழாய் அடைப்பைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வன்னியில் குதிரை வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். நான் பார்ப்பதிலும் பத்தில் ஒன்பது மாடும் ஆடும்தான். ஆனாலும் கடந்த சில மாதங்களில் இதற்காகவே இரண்டு தடவை இரவில் வெளிக்கிட்டுப் போக வேண்டி வந்தது. இரண்டு வீட்டிலும் நான் போவதற்கு முன்பே வாயால் எதையோ ஊற்றியிருந்தார்கள்.

மாங்குளம்: "நேற்றுப் பின்னேரம் தவிடு வைச்சன். இரண்டு வாய் திண்டிட்டுக் கழுத்தை நீட்டி நீட்டி இருமுது, மூக்கால தவிடும் எச்சிலுமா நுரை வருது. மூச்சடைச்சுச் செத்துப்போகுமோ எண்டு பயந்திட்டன். அரை மணித்தியாலத்தில தானாச் சரியாப் போச்சு. இது என்ன?"

நீங்கள் பார்த்ததுதான் அடைப்பு. அடைபட்டது உணவுக்குழாய். மூச்சுக்குழாய் திறந்தேதான் இருந்தது, அதனால் அந்த நேரத்தில் மூச்சுத் திணறிச் சாகாது. காய்ந்த தவிட்டை அவசரமாக விழுங்கினால் எச்சில் ஊறுவதற்கு முன்பே அது உள்ளே போய், அங்கே ஈரம் பட்டு ஊதி, கட்டியாக இறுகிவிடும். அதற்கு மேலே எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கீழே போக வழியில்லாததால் தொண்டைக்கு ஏறி மூக்கால் வழியும். கழுத்தின் இடது பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் அங்கே ஒரு வீக்கம் கையில் தட்டுப்படும். அடைப்பு நெஞ்சுக்குள் இருந்தால் ஒன்றும் தட்டுப்படாது.

நிறையத் தடவை இது தானாகவே இறங்கிவிடும். எனக்குப் பயம் நுரையீரலைப் பற்றித்தான். மூக்கால் வந்த அதே தவிட்டுத் தண்ணீர் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம். அது நிமோனியாவாக வர ஓரிரு நாள் எடுக்கும். ஆகவே ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் குதவழியாகக் காய்ச்சல் அளந்து எழுதி வையுங்கள். 38.5 பாகையைத் தாண்டினால் எனக்குச் சொல்லுங்கள்.

நெடுங்கேணி: "விக்கினால் மனுசருக்குத் தண்ணிதானே குடுக்கிறம். குதிரைக்கும் குடுத்தால் இறங்கும்தானே?"

தண்ணீர்தான் கட்டியை இளக்கும் என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. நானும் தண்ணீரால்தான் கழுவி எடுக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் மூக்கால் விடும் குழாய் வழியாகக் கட்டியின் வாசல் வரை போக வேண்டும். வாயால் ஊற்றினால் அடைப்புக்கு மேலே தேங்கி, அடுத்த மூச்சில் நுரையீரலுக்குள் போகும். தீனி, புல், வைக்கோல், தண்ணீர் வாளி எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, குதிரையை அமைதியான இடத்தில் தலை தாழ நிற்க விடுங்கள். தலையைத் தூக்கிக் கட்ட வேண்டாம். அரை மணித்தியாலத்தில் மாற்றம் இல்லாவிட்டால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். மூச்சு இழுத்து வாங்கினால் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாயால் மட்டும் ஒன்றும் ஊற்றாதீர்கள்.

மல்லாவி: "நாப்பது வருசமா மாடு வளர்க்கிறன். மாங்கொட்டை அடைச்சால் நல்லெண்ணெய் விட்டுக் கழுத்தைத் தடவி இறக்கியிருக்கிறன். குதிரைக்கு மட்டும் ஏன் கூடாது?"

ஐயா, உங்கள் கை அனுபவத்தை நான் மறுக்கவில்லை. மாட்டுக்கு அடைப்பது பெரும்பாலும் மாங்கொட்டை, கிழங்கு போன்ற வழுவழுப்பான ஒரே உருண்டை. மாடு ஏப்பம் விட முடியாமல் வயிறு ஊதும், அதனால் அங்கே அவசரமும் வேறு. குதிரைக்கு அடைப்பது தவிடும் காய்ந்த தீனியும் சேர்ந்த களி. அதில் எண்ணெய் ஊறாது, மேலேயே நிற்கும். நுரையீரலுக்குள் போன எண்ணெயை உடம்பால் கரைத்து வெளியேற்றவும் முடியாது. தண்ணீராவது கொஞ்சம் உறிஞ்சப்படும், எண்ணெய் அங்கேயே கிடந்து புண்ணாக்கும்.

மல்லாவி, மறுபடியும்: "நான் எண்ணெய் விட்ட ஒரு குதிரை பிழைச்சதே, டொக்டர். கண்ணால பார்த்தனான்."

பிழைத்திருக்கும், ஐயா. எண்ணெய் விடாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். மாங்குளத்துத் தம்பியின் குதிரை ஒன்றுமே கொடுக்காமல்தானே அரை மணித்தியாலத்தில் சரியானது? தானாக இறங்குகிற வருத்தத்துக்குக் கடைசியாக எதைக் கொடுத்தோமோ அதுதான் மருந்து என்று பேர் வாங்கிவிடும். கழுத்தைத் தடவுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் மெதுவாக. இறுகிய கட்டியை அமத்தி நெரித்தால் உணவுக்குழாயின் உட்சுவர் கிழியும்.

ஒட்டுசுட்டான்: "அந்த ஐயா சொல்லுறது சரிதான். எங்கட அப்பாவும் மூங்கில் குழாயால எண்ணெய் பருக்கினவர்."

மேலே எழுதிவிட்டேன். என் பதில் மாறாது.

கிளிநொச்சி, கால்நடைத் துறையில் வேலை செய்யும் ஒருவர்: "நான் மாட்டுக்கு மயக்க ஊசி சைலசின் போட்டுப் பழகினவன். குதிரைக்கு அடைப்பெண்டு கூப்பிட்டால் எவ்வளவு போடுறது, குழாயை எப்பிடி விடுறது? நீங்கள் செய்த ஒண்டை விபரமாச் சொல்லுங்கோ."

நல்ல கேள்வி, தம்பி. இதற்கு விரிவாகவே எழுதுகிறேன். அண்மையில் பார்த்த ஒரு மட்டக் குதிரை, நாட்டுப் பெண், நாடாவால் அளந்தபோது ஏறக்குறைய 240 கிலோ. அடைத்து 4 மணித்தியாலம் ஆகியிருந்தது. கழுத்தின் இடது பக்கம் நடுவில் என் முட்டிக் கை அளவு வீக்கம். வியர்த்து, கழுத்தை வளைத்து வளைத்து ஓங்காளித்தது.

மாட்டுக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். மாட்டுக்குச் சைலசின் மிகச் சொற்பம் போதும், குதிரைக்கு அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். நான் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கணக்கில் 120 மில்லிகிராம், நாளத்தில் மெதுவாக ஏற்றினேன். மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம் உள்ள மருந்தில் அது 6 மில்லிலீட்டர். மில்லிலீட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள போத்தலும் இருக்கிறது, அதில் வெறும் 1.2 மில்லிலீட்டர்தான். ஆகவே ஊசியில் எடுப்பதற்கு முன் போத்தலின் லேபிளை வாசியுங்கள். குதிரைக் கணக்கை மறதியாக மாட்டுக்குப் போட்டால் மாடு விழுந்துவிடும்.

ஐந்து நிமிடத்தில் தலை தானாகக் கீழே தொங்கியது. மயக்க ஊசியில் எனக்கு வேண்டியதே அதுதான். நாசி நெஞ்சை விடத் தாழ்ந்து இருந்தால் கழுவும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகாமல் வெளியே விழும். பயமும் இறுக்கமும் குறைவதால் உணவுக்குழாயின் தசையும் தளரும். சில இடங்களில் இந்த ஊசியோடு மட்டும் கட்டி இறங்கிவிடுவதும் உண்டு. இதில் இறங்கவில்லை.

குழாயைச் சின்ன விரல் தடிப்பில் எடுத்து, நுனியில் வழுக்கும் ஜெல் பூசி, மூக்கின் அடிப்பக்கமாக உள்ளே விட்டேன். மேலே தூக்கி விட்டால் எலும்பில் உரசி இரத்தம் பொலபொலவென்று வரும். தொண்டையில் கொஞ்சம் நிறுத்தி, குதிரை விழுங்கும் கணத்தில் தள்ள வேண்டும். சரியான வழியில் போனால் இடது கழுத்தில் குழாய் நகர்வது கண்ணுக்கே தெரியும், வாயால் உறிஞ்சினால் பிடித்துக்கொள்ளும். குதிரை விடும் மூச்சு குழாயால் வந்தால் அது மூச்சுக்குழாய், உடனே எடுத்துவிடுங்கள். இருமவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், மயக்கத்தில் சில இருமாது.

கட்டியில் முட்டியதும் தள்ளுவதை நிறுத்தினேன். இங்கேதான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். தள்ளினால் கட்டி இன்னும் இறுகும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் கிழியும். இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒரு கோப்பை அளவு மெல்ல விட்டு, குழாயின் வெளி முனையைத் தாழ்த்தினால் தவிட்டுக் கூழ் வாளியில் விழும். மறுபடி ஒரு கோப்பை, மறுபடி தாழ்த்தல். முதல் பத்துத் தடவையில் வந்தது வெறும் கலங்கல். அப்புறம் பருக்கை பருக்கையாகத் தவிடு விழத் தொடங்கியது. அரை மணித்தியாலத்தில் தலையைத் தூக்கப் பார்த்தது, பாதி அளவு ஊசி இன்னொரு தடவை போட்டேன். கடைசியில் குழாய் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இரைப்பைக்குள் போனது. புளித்த வாசனையோடு காற்று வந்தது, கழுத்து வீக்கமும் இல்லை.

நோவுக்குப் புளூனிக்சினும், ஐந்து நாள் அன்டிபயோட்டிக்கும் கொடுத்தேன். 4 மணித்தியாலம் மூக்கால் வழிந்ததால் நுரையீரலைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் கழுவியும் கட்டி அசையாவிட்டால் முரண்டு பிடிக்க வேண்டாம். தீனி தண்ணீர் இல்லாமல் வைத்து, நாளத்தில் சேலைன் ஏற்றி, சில மணித்தியாலம் கழித்து மறுபடி முயலலாம்.

அதே ஆள்: "ஒட்சிடோசின் போட்டால் இறங்கும் எண்டும் சொல்லுகினம்?"

உணவுக்குழாயின் மேற்பகுதித் தசையைக் கொஞ்ச நேரம் தளர்த்தும், ஆகவே நெஞ்சுக்குள் இருக்கிற கட்டிக்குப் பலன் எதிர்பார்க்க முடியாது. சிலர் விரும்பிப் போடுகிறார்கள், எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. அது கருப்பையைச் சுருக்கும் மருந்து, ஆகவே சினைக் குதிரைக்கு மட்டும் கட்டாயம் வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: "நெடுந்தீவில இருந்து ஒரு குதிரைக் குட்டி பிடிச்சு வளர்க்கலாமோ?"

இது வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டிய விடயம்.

பூநகரி: "மூக்கால தவிடு வருது. இப்ப தண்ணி பருக்கவா?"

வேண்டாம். வாளியை எடுத்துவிட்டு இப்போதே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மன்னார்: "எங்கட பக்கம் கழுதைதான் கூட. அதுக்கும் இப்பிடி வருமோ?"

வரும், அக்கா. கிழட்டுக் கழுதையில் பல்லைப் பாருங்கள். பல் தேய்ந்து அல்லது முனை கூராகிச் சரியாக மெல்ல முடியாமல் இருக்கும். சப்பிய புல்லை உருண்டையாகத் துப்பினால் அதுதான் அடையாளம். பல்லை அராவாவிட்டால் அடைப்பு திரும்பத் திரும்ப வரும்.

வவுனியா: "குழாய் போட்டுச் சரியாக்கின பிறகு என்ன குடுக்கிறது? தவிட்டை ஊறவைச்சால் இந்த வெயிலுக்குப் புளிச்சுப் போகுது."

மயக்கம் முழுதாகத் தெளியும்வரை ஒன்றும் வேண்டாம். பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்த நாளிலிருந்து கூழ். ஒரு பங்கு தவிட்டுக்கு நாலு பங்கு தண்ணீர், கரண்டியில் அள்ளினால் வழிய வேண்டும். புளிப்பதற்குக் காரணம் நீங்கள் இரவே ஊறப்போடுவது. தவிட்டுக்கு அரை மணித்தியாலம் போதும். உருண்டைத் தீனிக்குத்தான் கூட நேரம் வேண்டும். ஒரு நேரத்துக்கு உரியதை மட்டும் கரைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். நல்ல இளம் பச்சைப் புல் கொடுக்கலாம். காய்ந்த வைக்கோலும் பனங்கிழங்குத் துண்டும் இரண்டு கிழமைக்கு வேண்டாம். கட்டி அழுத்திய இடத்தில் உள்ளே தோல் உரிந்திருக்கும். அது ஆறும்போது சுருங்கி வழி ஒடுங்கலாம், ஒரு மாதம் அளவில்தான் அந்த ஒடுக்கம் கூடவாக இருக்கும். ஆகவே மூன்றாம், நாலாம் கிழமையில் மறுபடி இருமினால் கவனியுங்கள்.

வவுனியா, இன்னொருவர்: "எங்களுக்குப் பார்த்தவர் இரண்டு நாள் பட்டினி போடச் சொன்னவர். நீங்கள் அடுத்த நாளே கூழ் எண்டுறியள்."

இதில் வைத்தியர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. கழுவியபோது இரத்தம் வந்திருந்தால், அல்லது நெடுநேரம் அடைத்திருந்தால் நானும் இரண்டு நாள் பொறுப்பேன். உங்கள் குதிரையைக் கண்ணால் பார்த்தவர் அவர், அவர் சொன்னதைச் செய்யுங்கள்.

மாங்குளம், முதலில் கேட்டவர்: "நீங்கள் சொன்னபடி அளந்தன். காலமை 38.3, இப்ப 39.1. தீனியும் பாதியில விட்டிட்டுது. மூக்குச் சளி கபில நிறமா, மணக்குது. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வரவோ?"

நாளைக்கு வேண்டாம், தம்பி, இன்றைக்கே பார்க்க வேண்டும். நடத்திக் கூட்டிக்கொண்டு வராதீர்கள், நிழலில் நிற்கட்டும். நானே வருகிறேன். நான் வரும்வரை வாயால் மருந்து ஒன்றும் ஊற்ற வேண்டாம். எழுதி வைத்த காய்ச்சல் கணக்கைக் கையில் எடுத்து வைத்திருங்கள்.